காலுக்குத்தான் ரெஸ்ட்

உத்திரமேரூர் ஏரிக்கரை மேல விடியக்காலையில ஓடிக்கினு இருந்தேன். முந்தின நாள் மழையில கரை அரிச்சி ஒரு எடத்துல பள்ளம் உழுந்துட்டிருக்கு. மேல புல்லு மூடிக்கினு கீது, எனக்கின்னா ஜோசியமா தெரியும்? வலது பாதம் உள்பக்கமா மடங்கி, என் பாரம் மொத்தமும் வெளிக்கணுக்கால்ல எறங்கிச்சி. உள்ள ஏதோ பிச்சிக்கின மாதிரி இருந்தது. கரையிலயே உக்காந்து, அந்தப் பள்ளத்தையும் மழையையும் என்னையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கினே அழுதேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத இப்பவே சொல்லிட்றேன். ஆனா அன்னிக்கி அழுததுக்குக் காரணம் வலி இல்ல. ஆறு வாரத்துல காஞ்சிபுரத்துல பெஞ்ச் பிரஸ் போட்டி. மல்லாந்து படுத்து, கம்பிய நெஞ்சு வரைக்கும் எறக்கி, நிறுத்தி, மேல தள்ளணும். அவ்ளோதான் வெளையாட்டு. அதுல நான் மெடல் எடுத்தாகணும்.

ஏன் எடுத்தாகணும்னா, எங்க ஜிம் மாஸ்டர் ஒரு வாக்கு குடுத்திருந்தாரு. பஜார்ல ஒரு மாடியில ஜிம் நடத்தறாரு. என்னவிட நாலஞ்சி வயசு சின்னவரு, அதனால என்னை அக்கான்னுதான் கூப்புடுவாரு, நான் அவர மாஸ்டர்னு. மத்தியானத்துல பொம்பளைங்களுக்குன்னு லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கணும்னு அவருக்கு ஆசை. "சும்மா யாரயோ சொல்லிக்குடுக்க நிக்க வெச்சா ஊர்ல எவளும் வர மாட்டா. மெடல் எடுத்துக்கினு வாங்கக்கா, பேட்ச் உங்களுது" அப்படின்னாரு. அப்போ நான் ஒரு கம்பெனியில லைன்ல நிக்கற வேலை. பொழுதுக்கும் நின்னாகணும். கணுக்கால் பூரி மாதிரி உப்பிக்கினு கெடக்கறவள அங்க எதுக்கு வெச்சிக்கப் போறாங்க? காண்ட்ராக்ட் ஆளு, ஒரு போன்ல முடிச்சிட்டாங்க. ஆக, எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த பேட்ச் ஒண்ணுதான்.

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு முறியல, வெளிப்பக்க ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ரெஸ்ட் எடுன்னாங்க. அந்த ஒத்த வார்த்தைய எங்க வூட்டுக்காரரு புடிச்சிக்கினாரு பாருங்க. ரெஸ்ட்னா அவருக்கு பாயில படுக்கறது. நான் ஒக்காந்து துணி மடிச்சாக்கூட, "டாக்டர் இன்னா சொன்னாரு?"ம்பாரு.

"காலுக்குத்தான்யா ரெஸ்ட் சொன்னாரு. கைக்கு இன்னா வந்துச்சி?"

"ஒடம்பு ஒண்ணுதான? கால் வேற வூடு, கை வேற வூடா?"

மறுநாளே மூணு தெரு தள்ளி கீற ஒரு அம்மாவ இட்டுக்கினு வந்துட்டாரு. அந்தம்மா காலால பொறந்தவங்க. தலை மொதல்ல வராம கால் மொதல்ல வந்து பொறந்தவங்க மிதிச்சா சுளுக்கு போயிடும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. எனக்கும் முதுகு புடிச்சிக்கினா அவங்கதான் வந்து மிதிப்பாங்க, சரியாயிருக்கு. அதனால நானும் பேசாம கால நீட்டினேன். நல்லெண்ணெய் ஊத்தி, கணுக்கால அப்படியே வழிச்சி உருவி, குதிகாலால ஒரு மிதி. ஐயோ சாமி! கத்துனது பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள்ள நீலம் பாரிச்சி, வெரலு வரைக்கும் வீங்கிப் போச்சி. அந்தம்மா நல்ல மனசோடதான் பண்ணாங்க. ஆனா புடிச்சிக்கினு இருக்கற சதை வேற, கிழிஞ்ச ஜவ்வு வேற. அது எங்க யாருக்கும் தெரியல.

நொண்டிக்கினே திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க பிசியோ மேடம் கால பாத்துட்டு, "யாரு உருவினது?"ன்னாங்க. நான் தலைய குனிஞ்சிக்கினேன். ஒரு வாரம் பின்னால போயிட்டீங்கன்னாங்க. போட்டி விஷயத்த சொன்னேன். அவங்க சிரிப்பாங்கன்னு நெனச்சேன், சிரிக்கல.

"நின்னுக்கினு எதுவும் தூக்கக் கூடாது. வெயிட்ட கையில வெச்சிக்கினு நடக்கவே கூடாது. படுத்துக்கினும் ஒக்காந்துக்கினும் பண்றது எல்லாம் பண்ணுங்க. இடது கால விட்றாதீங்க, அதுக்கு வேலை குடுத்தா வலது காலும் ரொம்ப பலம் எறங்காம கொஞ்சம் தாங்கும். பண்ணும்போதோ மறுநாளோ கணுக்கால்ல வலி ஏறினா, வீக்கம் ஏறினா, அன்னிக்கி கொறச்சிக்கங்க." அப்புறம் காலுக்கும் வேலை குடுத்தாங்க. கட்டு போட்டு தலகாணி மேல தூக்கி வெச்சிக்கணும். வலி தணிய தணிய கட்டவிரலால காத்துல எழுத்து எழுதணும். அப்புறம் ரப்பர் பட்டைய மாட்டி இழுக்கணும். அப்புறம்தான் ஒத்தக் கால்ல நிக்கறது.

வூட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கே இட்டுக்கினு போயி அவங்க வாயாலயே கேக்க வெச்சேன். மறுநாள் அவரே பைக்ல கொண்டாந்து ஜிம் மாடிப்படி கிட்ட எறக்கிட்டு, "எவனாவது கால மிதிச்சிடப் போறான், பாத்து"ன்னுட்டுப் போனாரு. படியில நான் ஒக்காந்து ஒக்காந்துதான் ஏறினேன்.

மாஸ்டர் என்னைப் பாத்து முகத்த ஒரு மாதிரி வெச்சிக்கினாரு. "எதுக்கக்கா ரிஸ்க்கு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னாரு.

"அடுத்த வருஷம் வரைக்கும் லேடீஸ் பேட்ச பூட்டி வெப்பீங்களா மாஸ்டர்?"

அவரு பிளேட்ட எடுத்து அடுக்க ஆரம்பிச்சாரு. நான் அத அப்போ பெருசா எடுத்துக்கல. எடுத்திருக்கணும்.

தரையில கால ஊனினா கணுக்கால் சுரீர்னுது. அதனால ரெண்டு காலையும் மடக்கி பெஞ்ச் மேலயே வெச்சிக்கினு தள்ளச் சொன்னாரு. அது ஒரு தனி அவஸ்தை. கால் தரையில இருந்தா உடம்பு கெட்டியா நிக்கும், கீழருந்து ஒரு உந்தல் கெடைக்கும். கால் மேல போயிட்டா பெஞ்ச் மேல நம்ம ஆடுறோம். மொத நாள் வெறும் முப்பத்தஞ்சி கிலோவுக்கு கம்பி கோணிக்கினு போச்சி. முன்னாடி கால ஊனி ஐம்பத்திரண்டரை தள்ளினவ நான். பக்கத்துல நின்ன பசங்க கண்ண வேற எங்கயோ திருப்பிக்கினாங்க. வெக்கமா இருந்தது, கோவமாவும் இருந்தது.

ஆனா வுடல. கம்பிய தலைக்கு மேல எடுத்துக் குடுக்கவும் வாங்கி வெக்கவும் மாஸ்டர் நின்னாரு. பிளேட்டும் டம்பெல்லும் யாராவது கொண்டாந்து மடியில குடுப்பாங்க. ஒக்காந்துக்கினு தோளுக்கு, மேலருந்து கயிறு இழுத்து முதுகுக்கு, சாய்வு பெஞ்ச்ல நெஞ்ச சாய்ச்சிக்கினு துடுப்பு போடற மாதிரி இழுக்கற ரோயிங். இடது காலுக்கு மட்டும் தனியா லெக் பிரஸ், வலது காலு ஓரமா சும்மா. ஒவ்வொரு வாரமும் எல்லாத்துலயும் கொஞ்சம் ஏத்துவோம், எடை ஏறலன்னா ஒரு தடவை கூட. காலையில எழுந்ததும் மொதல்ல கணுக்கால அமுக்கிப் பாப்பேன். ஏறியிருந்தா அன்னிக்கி பெஞ்ச் மட்டும், இல்லன்னா எல்லாம்.

கொஞ்ச கொஞ்சமா பெஞ்ச்ல ஆட்டம் நின்னுபோச்சி. தோள்பட்டைய உள்ள இறுக்கி, வயித்த கெட்டியா வெச்சிக்கினா போதும், காலே தேவையில்ல. போட்டிக்கு முந்தின வாரம், கால பெஞ்ச் மேல வெச்சிக்கினே ஐம்பது கிலோ தள்ளினேன். நெஞ்சுல நிறுத்தி, சுத்தமா. கீழ எறங்கி மாஸ்டர பாத்தேன். அவரு கை தட்டினாரு, ஆனா அவரு கண்ணு என் காலுமேலதான் இருந்தது. அப்போ நடக்கறதுக்கு பரவாயில்ல. ஆனா போட்டியில கால தரையில ஊனித்தான் தள்ளணும். பாதத்த மட்டும் முட்டிக்குக் கீழ பின்னால இழுத்து வெச்சா, குதிகால் தரைக்கு எறங்காது, கணுக்கால் முன்னாடி இறுகிக்கும்.

"அது பரவால்லக்கா, கட்டவெரல ஊனிக்கினு தள்ளுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னாரு. அவரு உடம்பு காட்டற போட்டியில ஜெயிச்ச ஆளு. எண்ணெய் பூசிக்கினு மேடையில நிக்கறவருக்கு சதையப் பத்தி எல்லாம் தெரியும். இந்தப் போட்டியோட சட்டத்த அவரு வாழ்க்கையில படிச்சதே இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஜிம்ல எல்லாரும் நுனிக்கால்லதான் தள்ளுவோம், நானும் அப்படியே பழகினவதான்.

போட்டி அன்னிக்கி காலையில எடை பாத்து முடிச்சதும் எல்லாரையும் நிக்க வெச்சி சட்டம் சொன்னாங்க. பொட்டு வெச்ச நடுவர் ஒருத்தரு மைக் இல்லாமலே கத்தினாரு. "பின்புறம் பெஞ்ச விட்டுத் தூக்கக் கூடாது. பாதம் முழுசா தரையில இருக்கணும். குதிகால் தூக்கினா செவப்புக் கொடி, சரியா தள்ளினா வெள்ளை."

நான் மாஸ்டர திரும்பிப் பாத்தேன். அவரு மூஞ்சியில ரத்தமே இல்ல.

"இன்னா மாஸ்டர் இது?"

"நான்... அப்படி இருக்கும்னு நெனக்கலக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனா வார்ம்-அப்புக்கு கூப்புட்டுட்டாங்க. காலி கம்பியில குதிகால அமுக்கிப் பாத்தேன். எறங்குது, ஆனா கணுக்கால் பக்கம் கத்தி வெச்ச மாதிரி வலி. மொத எடையா ஐம்பதுன்னு மாஸ்டர் ஏற்கெனவே எழுதிக் குடுத்திருந்தாரு. கொறைக்கலாமான்னு கேக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிபோச்சின்னாங்க. ஒரு தடவை ஆரம்பிச்சிட்டா எடை ஏறலாம், எறங்க முடியாது. மூணு வாய்ப்பு. மூணும் போச்சின்னா, அன்னிக்கி நீ வந்ததா கணக்கே இல்ல.

மொத வாய்ப்பு. கம்பி சுளுவா மேல போச்சி, எனக்கே ஆச்சரியம். கம்பிய வெச்சிட்டு தலைய தூக்கிப் பாத்தா மூணு கொடியும் செவப்பு. வலது குதிகால் எழும்பியிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல.

"குதிகால அழுத்திக்கினு தள்ளுங்கக்கா, கால்லருந்து தள்ளுங்க"ன்னு மாஸ்டர் காதுல கத்தறாரு. ரெண்டாவது வாய்ப்பு, அவரு சொன்ன மாதிரியே பண்ணேன். பாதத்த பின்னால இழுத்து, குதிகால வம்பா கீழ அமுக்கி, கால்லருந்து உந்தினேன். கணுக்கால் சுரீர்னு இழுத்துச்சி. உடம்பு முழுக்க கோணிச்சி. கம்பி பாதியில நின்னு, புடிக்கறவங்க வந்து எடுத்துக்கினாங்க.

நாற்காலியில ஒக்காந்து ஐஸ் வெச்சிக்கினு இருந்தேன். என் பிரிவுல நாங்க அஞ்சி பேரு. அதுல ஒரு பொண்ணு, நல்லா திடமா, ஐம்பத்தேழரை ஈஸியா தள்ளிட்டு வந்து என் பக்கத்துல ஒக்காந்தா. தண்ணி நீட்டினா.

"கால் எப்படிக்கா கீது? நீங்க உத்திரமேரூர் ஜிம்முதான? உங்க மாஸ்டர எனக்குத் தெரியும். அங்க லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கறாரே, திங்கக்கெழமையிலருந்து நான்தான் சொல்லிக்குடுக்க வரப் போறேன்."

நான் தண்ணிய குடிக்காம கையில வெச்சிக்கினு இருந்தேன். "எப்போ சொன்னாரு?"

"அதுவா? ஒரு மாசம் மேல ஆச்சிக்கா."

அப்படின்னா நான் படியில ஒக்காந்து ஒக்காந்து ஏறிக்கினு இருந்தப்பவே. எனக்கு கம்பி எடுத்துக் குடுத்துக்கினே. மாஸ்டர் மூலையில நின்னுக்கினு எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கினு இருந்தாரு. அவருக்கு வெளங்கிடுச்சி. கிட்ட வந்து, "அக்கா, மூணாவது வேணாம். கால் போயிடும். வித்ட்ரா பண்ணிடலாம்"னாரு.

"நீங்க தள்ளிப் போங்க மாஸ்டர். இனிமே கத்தாதீங்க, அது போதும்."

ஐம்பதே இருக்கட்டும்னு சொல்லிட்டு நடந்தேன். பெஞ்ச்ல படுக்கறதுக்கு முன்னாடி கால பாத்தேன். பின்னால இழுத்தாதான வலி, இழுக்காம வெச்சா? ரெண்டு பாதத்தையும் நல்லா முன்னால தள்ளி, அகலமா வெச்சேன். முட்டி விரிஞ்சிக்கிச்சி, குதிகால் தானா தரையில ஒக்காந்துச்சி, வலியே இல்ல. ஆனா அப்படி வெச்சா கால்லருந்து ஒரு உந்தலும் கெடைக்காது. கெடைக்காட்டி போகட்டும். இத்தன வாரம் எனக்குக் கால் ஏது? வெறும் தோளும் முதுகும் வயிறும்தான. கால் இல்லாம தள்றது இந்த மண்டபத்துலயே என்னத்தவிர யாருக்கும் தெரியாது.

"ஸ்டார்ட்." எறக்கினேன். நெஞ்சுல நின்னுச்சி. நடுவர் வேணும்னே லேட் பண்றாரோன்னு இருந்தது. "பிரஸ்." தள்ளினேன். பாதியில முன்னாடி நின்ன அதே எடத்துல கம்பி நின்னுச்சி. கால உந்துன்னு உடம்பு கேக்குது. வுடல. பாதத்த செத்தது மாதிரி வெச்சிக்கினு, தோள மட்டும் பெஞ்ச்ல அழுத்தினேன். மயிரிழை மயிரிழையா ஏறிச்சி. கை நீண்டுது. "ரேக்." கம்பிய தாங்கியில வெச்சாங்க. எனக்கு தலைய தூக்க தைரியம் இல்ல. பக்கத்துல யாரோ "வெள்ளை, வெள்ளை"ன்னு கத்தினாங்க. மூணும் வெள்ளை.

மூணாவது எடம். அந்தப் பொண்ணு ரெண்டாவது. மெடல கழுத்துல மாட்டிக்கினு நேரா மாஸ்டர்கிட்ட போனேன்.

"மெடல் வந்திருக்கு. வாக்கு இன்னா ஆச்சி?"

அவரு கீழ பாத்துக்கினே பேசினாரு. "நீங்க நொண்டிக்கினு வந்தீங்க... நடக்காதுன்னு நெனச்சேன். ஜிம் ஓடணுமேக்கா. சொல்ல வாய் வரல."

"எனக்கு கம்பி எடுத்துக் குடுக்கும்போது ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தப்புதான். இப்போ அவளுக்கு நான் இன்னா சொல்றது?"

"இதோ நிக்கறாங்க. நீங்களே சொல்லுங்க."

நான் கூப்புட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே வந்தா. மாஸ்டர் இழுத்து இழுத்து சொல்லி முடிச்சாரு. பேட்ச் இவங்களுக்குத்தான் மொதல்ல சொன்னது, மன்னிச்சிடும்மான்னாரு. அவ சிரிப்பு கொஞ்ச கொஞ்சமா போச்சி. மாஸ்டர பாக்கல, என் மெடல பாத்தா, அப்புறம் ஐஸ் தண்ணி சொட்டற என் கணுக்கால் கட்ட பாத்தா.

"நீங்க சொன்னீங்கன்னு எங்க ஜிம்ல வேலைய விட்டு நேத்தோட நின்னுட்டேன் சார்"னா. சண்டை போடல. பையத் தோள்ல மாட்டிக்கினு போயிட்டா.

வேலை போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கூப்புட்டு, ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்னு சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்தது. ஒரே பேட்ச், ஒருத்திக்கே பத்துமோ பத்தாதோ. மாஸ்டர் பாக்கெட்டுலருந்து ஜிம்மோட ரெண்டாவது சாவிய எடுத்து நீட்டினாரு. அவ இன்னும் மண்டபத்து கேட்டத் தாண்டல, முதுகு தெரியுது. பாவமாத்தான் இருந்தது. நான் கைய நீட்டி வாங்கிக்கினேன்.